ஆயிரம் உருவங்களில் இருபது: நோயாளிக் கையேட்டில் ஒரு விகிதத்தைக் காட்டுவது

கேள்வி: "நோயாளிகளுக்கான கையேடு ஒன்று தயாரிக்கிறேன். ஒரு மருந்து பத்து ஆண்டுகளில் மாரடைப்பு வரும் வாய்ப்பை 8 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைக்கிறது. 0.4 சதவீதம் பேருக்குத் தீவிரமான பக்கவிளைவு வருகிறது. சின்னச் சின்ன மனித உருவங்களை அடுக்கிப் படம் போட்டேன். பார்த்தவர்களில் ஒருவர் பயந்துவிட்டார், இன்னொருவர் 'இதில் என்ன வித்தியாசம்?' என்றார். எப்படிப் போட்டால் சரியாகப் புரியும்?"

அந்த இரண்டு பேரும் ஒரே படத்தின் வேறு வேறு இடங்களைப் பார்த்திருக்கிறார்கள். பயந்தவர் நிறம் தீட்டிய உருவங்களை மட்டும் பார்த்தார். வித்தியாசம் தெரியவில்லை என்றவர் இரண்டு படங்களையும் தூரத்தில் நின்று, இரண்டு சாம்பல் நிறக் கூட்டங்களாகப் பார்த்தார். எத்தனை பேரில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் ஒரே பார்வையில் கண்ணில் நிறுத்துவதுதான் இங்கே வேலை. உருவத்தின் அழகு, நிறம், மென்பொருள் எல்லாம் அதற்குப் பிறகுதான். நோயாளிகளுக்கான தகவல் தாள்களைத் தயாரிப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. அதில் படித்ததையும் பார்த்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு பின்னத்தில் மனம் மேலே உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழே உள்ளதை விட்டுவிடும் என்பது நன்றாகவே நிறுவப்பட்ட விஷயம். 1994-ல் டெனஸ்-ராஜ், எப்ஸ்டைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் 10 மிட்டாய்கள், அதில் 1 சிவப்பு. இன்னொன்றில் 100 மிட்டாய்கள், அதில் 7 சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு சிவப்பை எடுத்தால் பணம். முதல் கிண்ணத்தில்தான் வாய்ப்பு அதிகம். அது தெரிந்தும் பலர் இரண்டாவதில் கையை விட்டார்கள், அதில் ஏழு சிவப்பு இருக்கிறதே என்று. 1997-ல் யமகிஷி என்பவர் நோய்களின் அபாயத்தை மதிப்பிடச் சொன்னபோதும் இதுதான் நடந்தது: 10,000 பேரில் 1,286 பேரைக் கொல்லும் நோய், 100 பேரில் 24 பேரைக் கொல்லும் நோயைவிட ஆபத்தானதாகத் தோன்றியது. கணக்குப் போட்டால் முதலாவது 13 சதவீதத்துக்கும் குறைவு, இரண்டாவது 24. உருவங்களை அடுக்கும் படத்தின் முழு பலமும், இப்படி மறந்துபோகிற அந்தக் கீழ் எண்ணையும் வரைந்து காட்டுவதில்தான் இருக்கிறது. அதனால் நிறம் தீட்டாத உருவங்களை வெறும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடாதீர்கள். பாதிக்கப்பட்ட எட்டுப் பேரை மட்டும் வரைந்து, பக்கத்தில் "100 பேரில்" என்று எழுத்தில் போடுவது இந்தப் படத்தின் பயனையே கெடுத்துவிடும்.

இப்போது உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். 8, 6 இரண்டும் 100 உருவங்களில் சுலபமாக அடங்கும். 0.4 அடங்காது. கால் உருவம், அரை உருவம் வரைந்தால், அடுத்த நிமிடம் யாராவது "இது என்ன, காலில் மட்டும் நோயா?" என்று கேட்பார்கள். பக்கவிளைவுக்கு மட்டும் 1000 உருவங்கள், மாரடைப்புக்கு 100 என்று வைப்பது அதைவிட மோசம். நன்மைப் படத்தில் 2 உருவங்களும் தீமைப் படத்தில் 4 உருவங்களும் தெரியும், மருந்து நன்மையைவிடத் தீமைதான் அதிகம் செய்கிறது என்று படிப்பவர் முடிவு செய்துவிடுவார். மிட்டாய்க் கிண்ணத்தில் நடந்ததேதான், இந்த முறை நாமே செய்து கொடுத்தது.

250 பேர் என்று எடுத்தால் 20, 15, 1 என்று அழகாக முழு எண்கள் வரும். எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. ஆனால் 250 யாருக்கும் பழக்கமான அளவு இல்லை. வேறு எங்கோ கேட்ட ஓர் ஆபத்தோடு ஒப்பிட முயன்றால் மறுபடி கணக்குப் போட வேண்டும். எனவே எல்லாவற்றுக்கும் 1000. மருந்து இல்லாமல் 80 பேர், மருந்தோடு 60 பேர், பக்கவிளைவு 4 பேர். கையேட்டில் எந்தப் படம் வந்தாலும், எந்த வாக்கியம் வந்தாலும் இந்த 1000 மாறக்கூடாது.

1000 உருவங்களை ஒரே கட்டமாக அடுக்கினால் அது வால்பேப்பர் ஆகிவிடும், யாராலும் எண்ண முடியாது. பத்துக்குப் பத்து என்று நூறு பேர் கொண்ட பத்துக் குழுக்களாகப் பிரியுங்கள். மேல் வரிசையில் ஐந்து குழுக்கள், கீழே ஐந்து. ஓர் உருவம் 3 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் உயரம், குழுக்களுக்கு இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்தால், ஓரம் போக ஏ4 தாளின் அகலத்தில் சரியாக உட்கார்ந்து, உயரத்தில் பத்து சென்டிமீட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். இப்படிப் பிரித்ததும் உங்கள் எண்கள் தானாகவே ஒழுங்காகிவிடுகின்றன. 80 பேரும் முதல் குழுவுக்குள்ளேயே எட்டு வரிசைகளில் முடிந்துவிடுகிறார்கள், மீதி ஒன்பது குழுக்களும் முழுக்க வெள்ளை. படிப்பவர் எதையும் எண்ணாமலே, "பத்துக் குழுவில் ஒரு குழுகூட நிறையவில்லை" என்று பார்த்துவிடுவார். வரைவைச் சோதிக்க மட்டும் என்றால் விரிதாளே போதும். A1 முதல் J10 வரை இந்தச் சூத்திரத்தை இட்டால் முதல் குழு வந்துவிடும்:

```
=IF((ROW()-1)*10+COLUMN()<=60,"●",IF((ROW()-1)*10+COLUMN()<=80,"◐","○"))
```

முதல் ஆறு வரிசைகள் கறுப்பு, அடுத்த இரண்டு பாதி கறுப்பு, கடைசி இரண்டு வெள்ளை. மற்ற ஒன்பது குழுக்களுக்கும் வெறும் வெள்ளை வட்டங்கள் போதும்.

இந்தச் சூத்திரத்தில் ஒரு முடிவை ஏற்கெனவே ஒளித்து வைத்திருக்கிறேன், அதை விளக்க வேண்டும். நீங்கள் மருந்து இல்லாமல், மருந்தோடு என்று இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எட்டையும் ஆறையும் அப்படித் தனித்தனியாகப் பார்க்கும் கண்ணுக்கு அவை ஏறக்குறைய ஒன்றுதான், "என்ன வித்தியாசம்" என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது. ஒரே படத்தில் மூன்று வகையாகக் காட்டினால் வித்தியாசமே தனி உருவமாகிவிடும்: மருந்து சாப்பிட்டாலும் மாரடைப்பு வருகிற 60 பேர், மருந்தால் தப்பிக்கிற 20 பேர், மருந்து இல்லாவிட்டாலும் வராத 920 பேர். இந்த மூன்றாவது எண்தான் பலரையும் திகைக்க வைக்கும். 60 பேரையும் 920 பேரையும் கூட்டினால் 980. அதாவது மாரடைப்பைப் பொறுத்தவரை, பத்து ஆண்டுகள் மருந்து சாப்பிட்ட ஆயிரம் பேரில் 980 பேருக்கு அது எந்த மாற்றமும் செய்யவில்லை. அதை மென்று விழுங்காதீர்கள். "ஆபத்து 25 சதவீதம் குறைகிறது" என்ற வாக்கியமும் பொய் இல்லை, 80-ல் 20 என்பது கால் பங்குதான். ஆனால் அதைத் தனியாகப் படிப்பவர், தனக்கு நூற்றுக்கு இருபத்தைந்து பங்கு பாதுகாப்பு கிடைக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்த வாக்கியத்தை நானாக இருந்தால் கையேட்டில் சேர்க்கவே மாட்டேன்.

இந்த மூன்று வகைப் படத்துக்குள் ஓர் அனுமானம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வில் உறுதியாகத் தெரிவது, ஒரு பக்கம் 80, மறு பக்கம் 60 என்பது மட்டுமே. தப்பித்தவர் இன்னார் என்று யாருக்கும் தெரியாது. 25 பேர் தப்பித்து, வேறு 5 பேருக்கு மருந்தாலேயே மாரடைப்பு வந்திருந்தாலும் நிகரக் கணக்கு 20 தான் வரும். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை வைத்து, அது மாரடைப்பை வரவழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொன்னால் மூன்று வகைப் படத்தைத் தாராளமாகப் போடலாம். அதில் சந்தேகம் இருந்தால் இரண்டு படங்களையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் குழுக்களாகப் பிரித்து, இரண்டிலும் ஒரே மூலையிலிருந்து நிறம் தீட்டுங்கள். அப்போது எட்டு வரிசையும் ஆறு வரிசையும் நேருக்கு நேர் நின்று, இரண்டு வரிசை வித்தியாசம் தெரியும்.

பக்கவிளைவு வருகிற 4 பேரை இந்தப் படத்துக்குள் செருகாதீர்கள். அவர்கள் 60-லும் இருக்கலாம், 920-லும் இருக்கலாம், எங்கே வைத்தாலும் பொய்யாகிவிடும். கீழே இன்னொரு பத்துக் குழுப் படம், அதே அளவு, அதே அடுக்கு, அதில் 4 பேர் மட்டும். இருபதையும் நான்கையும் படிப்பவர் ஒப்பிடுவார், ஒப்பிடட்டும். ஆனால் எண்ணிக்கையைத்தான் படம் ஒப்பிடும், எடையை அல்ல. ஒரு மாரடைப்பும் ஒரு பக்கவிளைவும் சமமா என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. அந்தப் பக்கவிளைவு என்ன, எத்தனை நாள் இருக்கும், மருந்தை நிறுத்தினால் போய்விடுமா என்பதை மூன்று நான்கு வாக்கியங்களில் பக்கத்திலேயே எழுதுங்கள்.

உருவத்தைப் பற்றி. 1925-ல் வியன்னாவில் ஓட்டோ நியூராத் தொடங்கிய சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள்: அளவு கூடினால் உருவங்களின் எண்ணிக்கை கூட வேண்டும், உருவம் பெரிதாகக் கூடாது. ஒரு மனிதனை இரண்டு மடங்கு உயரமாக வரைந்தால் அகலமும் இரண்டு மடங்காகி, பரப்பளவு நான்கு மடங்கு ஆகிவிடும், கண் அந்த நான்கைத்தான் எடுத்துக்கொள்ளும். இந்த விதிக்கு இன்றுவரை விலக்கு தேவைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உருவம் மனிதனாக இருக்க வேண்டுமா, வட்டம் போதுமா என்றால், 2014-ல் சிக்மண்ட்-ஃபிஷரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்திருக்கிறார்கள். கழிப்பறைக் கதவில் இருப்பது போன்ற எளிய மனித உருவத்தைப் பார்த்தவர்களுக்கு, கட்டங்களையும் நீள்வட்டங்களையும் பார்த்தவர்களைவிட ஆபத்தின் அளவு நன்றாக நினைவில் நின்றது. ஆகவே நீங்கள் மனித உருவத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. முகபாவனை வேண்டாம். அழும் முகமும் சிரிக்கும் முகமும் எண்ணைச் சொல்வதற்கு முன்பே எப்படி உணர வேண்டும் என்று சொல்லிவிடும். பயந்தவரைப் பற்றிச் சொன்னீர்களே, உங்கள் எட்டு உருவங்களும் ரத்தச் சிவப்பில் இருந்தனவா என்று பாருங்கள். அடர் நீலம், வெளிர் நீலம், வெறும் கோடுருவம் என்று ஒரே நிறத்தின் மூன்று படிகள் போதும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தாலும் பிரிந்து தெரியும், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் சிக்கல் வராது.

நிறம் தீட்டியவர்களைச் சேர்த்து வைப்பதா, கூட்டத்தில் அங்கங்கே தூவி வைப்பதா என்பதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. சிதறி இருந்தால், யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாது என்ற உணர்வு வரும், அது உண்மையும்கூட. ஆனால் எண்ணுவதும் ஒப்பிடுவதும் கடினமாகிவிடும். கையேட்டைப் படிப்பவர் இரண்டு அளவுகளை ஒப்பிட்டு முடிவெடுக்கப் போகிறார், எனவே சேர்த்தே வையுங்கள். தற்செயல் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: "இந்த ஆயிரத்தில் நீங்கள் எந்த உருவம் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது." திரையில் காட்டும்போது உருவங்களை ஓட விடுவது, கலைத்துப் போடுவது போன்ற அசைவுகளையும் தவிர்த்துவிடுங்கள். சிக்மண்ட்-ஃபிஷரும் அவருடைய குழுவினரும் 2012-ல் அசையும் படங்களைச் சோதித்தபோது, அவை உதவுவதற்குப் பதிலாகப் பெரும்பாலும் குழப்பத்தைத்தான் கூட்டின.

படம் எல்லோருக்கும் ஒரே மாதிரி உதவாது. கெலசிச், கார்சியா-ரெட்டமேரோ, கிகெரென்சர் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், எண்களோடு பழக்கம் குறைந்தவர்களுக்கு இத்தகைய படங்கள் ஆபத்தைச் சரியாக மதிப்பிட உதவின. அப்புறம் வந்த ஆய்வுகளில், வரைபடங்களைப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு வெறும் எண்ணே மேலாக இருந்ததும் தெரிந்தது. உங்கள் வாசகர் எந்த வகை என்று முன்பே தெரியாதபோது இரண்டையும் கொடுப்பதுதான் பாதுகாப்பு. படத்தின் தலைப்பிலேயே "ஆயிரம் பேர், பத்து ஆண்டுகள்" என்று போடுங்கள், கால அளவு இல்லாத ஆபத்துக்கு அர்த்தமே இல்லை. அதன் கீழே "மருந்து இல்லாமல் 80 பேருக்கு மாரடைப்பு வரும், 920 பேருக்கு வராது. மருந்தோடு 60 பேருக்கு வரும், 940 பேருக்கு வராது" என்று இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

இந்த முறை கைகொடுக்காத இடமும் உண்டு. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, ஒரு வகைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டு ஆபத்தை இரண்டு மடங்காக்குகிறது என்று எச்சரித்தது. பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. உண்மையில் அது சுமார் 7000 பேரில் ஒருவர் என்பதிலிருந்து இரண்டு பேர் என்ற மாற்றம். இதற்கு 7000 உருவங்களை வரைந்தால் இரண்டு புள்ளிகளைத் தேடவே பூதக்கண்ணாடி வேண்டும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போகிற எதையும் நான் படமாக்குவதில்லை, வாக்கியத்தில் எழுதிவிடுவேன். உங்கள் பக்கவிளைவு 0.4-க்குப் பதில் 0.04 சதவீதமாக இருந்திருந்தால் இரண்டாவது படமே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

நிச்சயமின்மையை எப்படிக் காட்டுவது என்பது இன்னும் சரியாகத் தீராத விஷயம். உங்கள் 6 சதவீதம் ஓர் ஆய்வின் மதிப்பீடு. அது 5-ஆகவும் இருக்கலாம், 7-ஆகவும் இருக்கலாம் என்று ஆய்வறிக்கையே சொல்லியிருக்கும். அறுபதாவது உருவம் கறுப்பாகவும் அறுபத்தோராவது வேறு நிறமாகவும் நிற்கும்போது, நமக்கு இல்லாத ஒரு துல்லியத்தை அந்தப் படம் காட்டிக்கொள்கிறது. எல்லையில் உள்ள சில வரிசைகளைப் படிப்படியாக மங்கலாக்கிப் பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்தவரை வாசகர்கள் அதை "பாதி நோய்" என்று புரிந்துகொள்கிறார்கள். வீச்சை வாக்கியத்தில் எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது: "இது 50 முதல் 70 பேர் வரை இருக்கலாம்." அந்த வீச்சை உங்கள் ஆய்வறிக்கையிலிருந்து எடுங்கள், நான் இங்கே போட்டது உதாரணத்துக்கு.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஏழெட்டுப் பேரிடம் காட்டுங்கள், அவர்களில் மருத்துவம் படித்தவர் யாரும் இருக்கக் கூடாது. "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். தாளை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, "மருந்து சாப்பிட்டும் மாரடைப்பு வருகிறவர்கள் எத்தனை பேர், எத்தனை பேரில்?" என்று கேளுங்கள். பிறகு "மருந்தால் தப்பிக்கிறவர்கள் யார், விரலால் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். "அறுபது சதவீதம்" என்று பதில் வந்தால், அவர் முதல் குழுவையே மொத்தக் கூட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறார், மீதி ஒன்பது குழுக்களின் கோடுகள் மங்கலாக இருக்கின்றன, அவற்றை அழுத்தமாக்குங்கள். "20 பேருக்கு மாரடைப்பு வரும்" என்றால், நடு நிறம் அடர் நிறத்தோடு ஒட்டிக்கொண்டு நோயாளியாகத் தெரிகிறது, அதை வெளிர் நிறத்தின் பக்கம் நகர்த்துங்கள். "இவர்கள் உங்கள் மருத்துவமனைக்கு வந்த ஆயிரம் பேரா?" என்று கேட்டால் தலைப்பை "உங்களைப் போன்ற ஆயிரம் பேர்" என்று மாற்றுங்கள். ஒரு மாற்றம் செய்தால், முன்பு பார்த்தவர்களை விட்டுவிட்டுப் புதிதாக இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே விடை தெரிந்தவருக்கு எந்தப் படமும் புரியும்.